மாயச் சதுரத்தில் எந்த எண்ணை விட்டுவைப்பது?

வகுப்பில் கொடுத்த கணக்கை எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு, "முடிச்சிட்டேன் மிஸ்" என்று நோட்டோடு வந்து நிற்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் எப்போதும் உண்டு. அவர்களுக்கு அதே மாதிரிக் கணக்கை இன்னும் பத்து கொடுத்தால், சீக்கிரம் முடித்ததற்குத் தண்டனை போல ஆகிவிடும். அவர்களுக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது மாயச் சதுரத் தாள். ஒன்பது கட்டங்கள், 1 முதல் 9 வரை ஒவ்வொரு எண்ணும் ஒருமுறை, குறுக்கே, நெடுக்கே, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15 வர வேண்டும்.

2 7 6
9 5 1
4 3 8

முழுச் சதுரத்தை எழுதிவிட்டுச் சில எண்களை அழித்தால் புதிர் தயார் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். ஒருமுறை 2, 5, 8 என்ற மூலைவிட்டத்தை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் அழித்துக் கொடுத்தேன். ஒரு பையன் இப்படி எழுதி வந்தான்:

2 9 4
7 5 3
6 1 8

என் விடைத்தாளோடு ஒப்பிட்டுத் தப்பு போட்டுவிட்டேன். "கூட்டிப் பாருங்க மிஸ்" என்றான். கூட்டினால் எல்லாப் பக்கமும் 15. தப்பு அவனுடையது இல்லை, என் தாளுடையது. அந்த மூலைவிட்டத்தில் ஒரு கண்ணாடியை வைத்தால் என் சதுரத்தின் பிம்பம்தான் அவன் சதுரம். கண்ணாடி நிற்கும் கோட்டில் உள்ள மூன்று எண்கள் மட்டும் இடம் மாறாது. அவற்றைத்தான் நான் விட்டு வைத்திருந்தேன். தவிர, 2-ம் 5-ம் தெரிந்தால் 8 தானாக வந்துவிடும். மூன்று எண் கொடுத்ததாக நினைத்தேன், உண்மையில் கொடுத்தது இரண்டுதான்.

சரி, 8-க்குப் பதிலாக 7-ஐ விட்டு வைப்போம். மேல் வரிசையில் 2, 7 இருப்பதால் அடுத்தது 6. நடுவில் 5 இருப்பதால் 2-க்கு எதிர்மூலை 8, 7-க்கு நேர் கீழே 3, 6-க்கு எதிர்மூலை 4. மிச்சம் 9, 1. ஊகிக்கவே தேவையில்லை, விடையும் ஒன்றே ஒன்றுதான். ஒரே வரியில் அடங்காத மூன்று எண்களாகப் பார்த்துக் கொடுப்பது நல்லது. ஆனாலும் அதை மட்டும் நம்பாமல், தாளை நகலெடுக்கும் முன் நானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவேன்.

நடுவில் 5-ஏ ஏன் வர வேண்டும்? நடுக்கட்டம் வழியாக நான்கு வரிகள் போகின்றன: ஒரு குறுக்கு, ஒரு நெடுக்கு, இரண்டு மூலைவிட்டம். நான்கையும் கூட்டினால் 60. அதில் எல்லா எண்களும் ஒருமுறை வந்துவிடுகின்றன, அது 45. நடு எண் மட்டும் கூடுதலாக மூன்று முறை வந்திருக்கிறது. மிச்சமுள்ள 15 அந்த மூன்று முறைக்கு உரியது என்பதால் நடு எண் 5. இதையே வேறு விதமாகச் சொன்னால், ஒன்பது கட்டம் கொண்ட எந்த மாயச் சதுரத்திலும் நடு எண் வரித் தொகையில் மூன்றில் ஒரு பங்கு.

இது பிடிபட்ட பிள்ளைக்கு அடுத்த தாள்: ஒவ்வொரு எண்ணோடும் 4 கூட்டிய சதுரம். தொகை 27 என்று சொல்லி, மேல் வரிசையில் 6, 11 மட்டும் கொடுக்கிறேன். அடுத்தது 10 என்று உடனே வந்துவிடும், அப்புறம் கை நின்றுவிடும். 27-ஐ மூன்றால் வகுத்து நடுவில் 9 போடத் தோன்றிவிட்டால் மீதி சரசரவென்று நிரம்பும்.

தாள் தயாரிப்பவருக்கும் இது உதவும். தொகை 20 என்று அவசரத்தில் எழுதிவிட்டால் நடு எண் முழு எண்ணாக வராது, பிள்ளை வீணாக முட்டிக்கொள்ளும். அதே போல, 15 வரும் சதுரத்தில் மூலையில் 1-ஐ வைத்துப் பக்கத்தில் 3-ஐக் கொடுத்தால் அடுத்த கட்டத்துக்கு 11 வேண்டும். ஒன்பதுக்குள் 1 இடம்பெறும் மூன்றெண் கூட்டு 1+5+9, 1+6+8 என்று இரண்டுதான். மூலைக் கட்டத்தின் வழியாகவோ மூன்று வரிகள் போகின்றன. மூன்று கூட்டில் வரும் எண்கள் 2, 4, 6, 8. அதனால் மூலைகள் அவற்றுக்குத்தான்.

இதையும் முடித்துவிட்டு வந்து நிற்பவர்களுக்குப் பதினாறு கட்டச் சதுரம் இருக்கிறது. அங்கே 1 முதல் 16 வரை, தொகை 34. ஒன்பது கட்டத்தில் திருப்பியும் கண்ணாடியில் பார்த்தும் கிடைப்பவற்றை ஒன்றாக எண்ணினால் இருப்பது ஒரே சதுரம். பதினாறு கட்டத்தில் அப்படியே எண்ணினால் 880. அதனால் அந்தத் தாளில் மூன்று எண் போதாது. நான் பாதியாவது விட்டு வைப்பேன், விடைத்தாளைப் பார்க்காமல் கூட்டிப் பார்த்தே திருத்துவேன்.