42 எடுத்தும் ஃபெயில்: ஜூனில் எழுதுவதா, அடுத்த மார்ச்சுக்குக் காத்திருப்பதா?

பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லைனில் இருந்து ஒரு அப்பா போன வருடம் மகளின் மார்க் பட்டியலோடு வந்தார். இயற்பியலில் 42, கணிதத்தில் 31. "கணக்குல ஃபெயில் சரிங்கண்ணே, 42-க்கு எப்படி ஃபெயில்?" என்றார். பள்ளியில் கேட்டதற்கு, "இந்த வருஷம் போனது போகட்டும், திரும்ப ஒரு வருஷம் படிக்க வையுங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். காரணத்தை ஒருவரும் சொல்லவில்லை.

காரணம் இதுதான். பிளஸ் டூவில் பாடத்துக்கு 35 எடுத்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாக ஒரு குறைந்தபட்சம் இருக்கிறது. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்த 70-ல் 15-ஆவது வேண்டும். இந்தப் பெண்ணுக்குச் செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முழுதாக 30, எழுத்தில் 12. மூன்று மார்க் குறைந்ததால் 42-ம் தோல்வி ஆகிவிட்டது. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வு 90-க்கு, அதில் குறைந்தபட்சம் 25. கணிதத்தில் அவளுக்கு எழுத்தில் 21, அகமதிப்பீடு 10. நான்கு மார்க் குறைவு.

ஆக, அவள் பின்தங்கியது இரண்டு பாடத்துக்கும் சேர்த்து ஏழே மார்க். அதற்காகத்தான் ஒரு வருடத்தைக் கொடுக்கச் சொன்னார்கள். உங்கள் வீட்டிலும் மொத்தத்தைப் பார்க்காதீர்கள். எழுத்துத் தேர்வு மார்க்கைத் தனியாகப் பார்த்து, எத்தனை குறைகிறது என்று முதலில் எண்ணுங்கள்.

அப்புறம், "திரும்பப் படிப்பது" என்ற பேச்சு. தோற்றவர்களுக்காக ஜூனில் நடக்கும் துணைத்தேர்வை விட்டுவிட்டு அடுத்த மார்ச்சில் எழுதினாலும் எழுதப்போவது தோற்ற அதே பாடங்களைத்தான். தேர்ச்சி பெற்ற பாடங்களின் மார்க் அப்படியே நிற்கும், செய்முறையில் தேறியிருந்தால் அதுவும் நிற்கும். காத்திருப்பதால் கூடுதலாகக் கிடைப்பது படிக்க எட்டு மாதம். பெரும்பாலான வீடுகளில் அந்த எட்டு மாதமும் படிப்பாக இருப்பதில்லை. பையன் திருப்பூருக்கோ கோயம்புத்தூருக்கோ வேலைக்குப் போகிறான், பெண் கொழுந்து பறிக்கப் போகிறாள். மார்ச் வரும்போது புத்தகம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

துணைத்தேர்வில் தோற்றால் மார்ச் வாய்ப்பும் போய்விடும் என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. போகாது. தோற்றால் மார்ச்சில் மறுபடி எழுதலாம். அதனால் மூன்று நான்கு பாடம் போயிருந்தாலும் எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். ஜூனில் இரண்டு தேறினால் மார்ச்சுக்கு இரண்டுதான் மிச்சம்.

காத்திருக்க நியாயமான காரணம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். தேர்ச்சி பெற்றுவிட்ட பாடத்தை மார்க் ஏற்றுவதற்காக மறுபடி எழுத முடியாது. ஜூனில் 36 வாங்கினால் அந்த 36 நிலைத்துவிடும். பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்ந்த சராசரி பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்பினருக்கு 40 சதவீதம், பொதுப்பிரிவுக்கு 45. இந்தப் பெண்ணுக்கு வேதியியலில் 47 இருந்தது. இயற்பியலில் எழுத்தில் 15 எடுத்தாலே மொத்தம் 45, கணிதத்தில் 35. கூட்டினால் 127. அவள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, வேண்டியது 120, ஆகவே தேறினாலே தகுதி வந்துவிடும். பொதுப்பிரிவாக இருந்திருந்தால் 135 வேண்டும், எட்டு மார்க் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். பெரிய கட்-ஆஃப் கேட்கும் படிப்பைத்தான் படிப்பேன் என்று பிள்ளை உறுதியாக இருந்து, எட்டு மாதமும் உட்காரவைத்துப் படிக்கவைக்க வீட்டில் வசதியும் இருந்தால், காத்திருங்கள். கலை அறிவியல் கல்லூரிக்கோ, தேர்ச்சி மட்டும் கேட்கும் வேலைக்கோ காத்திருப்பது வீண்.

இனி அலைச்சல். நாட்கள் மிகக் குறைவு. 2025-ல் மே 8 அன்று முடிவு வந்தது, ஜூன் 25-ல் துணைத்தேர்வு தொடங்கிவிட்டது. நடுவில் ஏழு வாரம்கூட இல்லை. விண்ணப்பம் போடும் காலம் அதிலும் சின்னது. இந்த வருடம்தான் பள்ளியில் எழுதியிருந்தால் படித்த பள்ளி மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பழைய தோல்வியைத் தனித்தேர்வராக எழுதுகிறவர்களுக்குத்தான் தேர்வுத்துறை சேவை மையம். இது தெரியாமல், பள்ளி "சேவை மையத்துக்குப் போ" என்று அனுப்ப, மையத்தில் "பள்ளியில் போடு" என்று திருப்பி அனுப்ப, ஒரு குடும்பம் இரண்டு பஸ் மாறி மூன்று நாள் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் கூலி போனது. மே மாதம் சீசன் வேறு. மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் ஊட்டிக்குள் பஸ் ஊர்ந்து சேரும்போது அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம் வந்திருக்கும். பள்ளியில் "ஹெச்.எம். லீவு" என்றால் திரும்பி வராதீர்கள். விண்ணப்பப் பதிவை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டு அவரைப் பிடியுங்கள்.

கடைசித் தேதி தவறினால் தட்கல் என்று ஓரிரு நாள் கொடுப்பார்கள், கூடுதல் கட்டணத்தோடு. அதை நம்பி இருக்க வேண்டாம்.

அதிகம் பேர் விழும் குழி மறுகூட்டல். மூன்று மார்க்தானே குறைகிறது, பேப்பரைத் திருப்பிப் பார்த்தால் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. விடைத்தாள் நகலுக்குப் பணம் கட்டி, அது வந்த பிறகு மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ மறுபடி பணம் கட்டி, அந்த முடிவுக்காகக் காத்திருப்பார்கள். அதற்குள் துணைத்தேர்வு விண்ணப்பம் முடிந்துவிடும். மறுமதிப்பீட்டில் மார்க் ஏறாவிட்டால் இரண்டும் போச்சு. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யுங்கள். மறுமதிப்பீட்டில் தேறிவிட்டால் துணைத்தேர்வுக்குக் கட்டிய பணம் மட்டும்தான் நஷ்டம்.

விண்ணப்பித்ததும் ஒப்புகைச் சீட்டை அங்கேயே நின்று வாங்குங்கள். அதில் உள்ள விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் இருந்தால் dge.tn.gov.in தளத்தில் நீங்களே ஹால் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். சீட்டு இல்லாவிட்டால் அதற்கும் பள்ளி வாசலில்தான் நிற்க வேண்டும். வாங்கிய சீட்டில் தோற்ற பாடம் எல்லாம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தப் பெண்ணின் சீட்டில் கணிதம் மட்டும்தான் இருந்தது. இயற்பியல் 42 என்பதால் "பாஸ்தானே" என்று விட்டுவிட்டார்களாம்! மறுநாளே போய்ச் சேர்க்க வைத்தோம்.

கல்லூரியில் சேர நேரம் முடிந்துவிடும் என்பது இன்னொரு பயம். துணைத்தேர்வு முடிவு ஜூலை கடைசி வாக்கில் வரும். பொறியியலுக்கு அதில் தேறியவர்களுக்கென்றே துணைக் கலந்தாய்வு நடக்கிறது, அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். அரசு கலைக் கல்லூரிகளில் காலியிடம் உண்டா என்பதைக் கல்லூரிக்கே நேரில் போய்க் கேளுங்கள், மற்றவர்களிடம் கேட்டுத் திரும்பாதீர்கள்.

ஜூன் கடைசி என்றால் கூடலூர், பந்தலூரில் மழை பிடித்திருக்கும். தேர்வு மையம் உங்கள் பள்ளியாகவே இருக்கும் என்று எண்ணாதீர்கள், ஹால் டிக்கெட்டில் பாருங்கள். வெளியூர் என்றால் காலை முதல் பஸ்ஸை நம்பாதீர்கள். சாலையில் ஒரு மரம் சாய்ந்தால் தேர்வு போய்விடும். இந்தப் பெண் தேர்வு முடியும்வரை கூடலூரில் சித்தி வீட்டில் தங்கி எழுதினாள். இயற்பியல் எழுத்தில் 22 வந்தது, கணிதத்தில் 29.