25 சேர்த்து 25 கழித்தால் அசல் வராது

ஆவணி பிறந்தால் என் மேசையில் ஜவுளிக் கடைகளின் ஆடிக் கணக்கு வந்து குவியும். கும்பகோணத்தில் உட்கார்ந்து மன்னார்குடி, மயிலாடுதுறை, திருவாரூர் கடைகளுக்குக் கணக்கும் வரியும் பார்ப்பவன் நான். வருடா வருடம் ஒரே தவறு, கடை மட்டும் மாறுகிறது. இந்த வருடமும் வந்துவிட்டது. இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொண்டை வறளச் சொல்வதற்குப் பதிலாக எழுதிவிடுகிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். நல்ல உழைப்பாளி, கடன் பாக்கி வைக்காதவர். ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டு நகராது. பங்குனியில் வாங்கிய காட்டன் புடவைகளை வாங்கிய விலைக்கே தள்ளிவிட்டுப் பணத்தைத் தீபாவளிச் சரக்கில் போடலாம் என்று முடிவு செய்தார். தவறான முடிவு அல்ல. புடவை ஒன்று அவருக்கு 1,200 ரூபாய்க்கு வந்தது (இங்கே சொல்லும் புடவை விலைகள் எல்லாம் ஜிஎஸ்டி சேர்க்காதவை). அதில் 25 சதவீதம் சேர்த்து 1,500 என்று சீட்டு ஒட்டியிருந்தார். ஆடியில் வாசலில் ‘25% தள்ளுபடி’ என்று பேனர் கட்டினார். 400 புடவைகள் போயின.

கணக்கு போட்டபோது 30,000 ரூபாய் நஷ்டம். பில் போடும் பையன்மீது சந்தேகம் வந்துவிட்டது. பாவம், அந்தப் பையன் ஒரு பைசா எடுக்கவில்லை.

“சார், 25 சேர்த்தேன், 25 கழித்தேன். அசலுக்குத்தானே வரவேண்டும்?” என்று கேட்டார்.

வராது. சேர்த்த 25, 1,200-இல் 25. அது 300 ரூபாய். கழித்த 25, 1,500-இல் 25. அது 375 ரூபாய். 300 ஏற்றி 375 இறக்கினால் 1,125-இல்தான் நிற்கும். புடவைக்கு 75 ரூபாய் கைநஷ்டம். 400 புடவைக்கு எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். சதவீதம் என்பதை ரூபாய் மாதிரி, கிலோ மாதிரி ஒரு தனிப் பொருளாக நினைத்துக்கொள்கிறார்கள். 25 ரூபாய் வைத்து 25 ரூபாய் எடுத்தால் சரியாகிவிடும், உண்மைதான். 25 சதவீதம் அப்படி அல்ல. எதன் மேல் 25 என்று சொன்னால் ஒழிய அதற்கு அளவே கிடையாது. ஏற்றும்போது சின்ன தொகையின் மேல் ஏற்றுகிறீர்கள். இறக்கும்போது ஏற்கெனவே பெரிதாகிவிட்ட தொகையிலிருந்து இறக்குகிறீர்கள். எண் ஒன்றுதான், தொகை வேறு.

நம்பவில்லையா? பாதி விலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் பொருள் 100, இன்னொரு கடையில் 50. இரண்டாவது கடை 50 சதவீதம் மலிவு. அப்படியானால் முதல் கடை எவ்வளவு சதவீதம் அதிகம்? 50 என்று யாரும் சொல்லமாட்டார்கள். இரண்டு மடங்கு, அதாவது 100 சதவீதம் அதிகம் என்று குழந்தைகூடச் சொல்லும். 50-இல் இவ்வளவு தெளிவாகத் தெரிவது 25-இல் மட்டும் ஏன் மறைந்துவிடுகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நம் ஆளுக்கு எதிர்க்கடைக்காரரும் அதே மொத்த வியாபாரியிடம் அதே 1,200-க்குத்தான் அந்தப் புடவையை வாங்குகிறார். ஆனால் சரக்கு வந்த நாளிலிருந்தே 1,600 என்று சீட்டு ஒட்டி விற்றுவந்தார். ஆடியில் அவரும் 25 சதவீதம் தள்ளுபடிதான் கொடுத்தார். 1,600-இல் கால்வாசி 400 போனால் 1,200. அசல் கைக்கு வந்துவிட்டது.

அந்த 1,600-ஐயும் 1,200-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1,600-லிருந்து பார்த்தால் 1,200 என்பது 25 சதவீதம் மலிவு. 1,200-லிருந்து பார்த்தால் 1,600 என்பது 33 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், சரியாகச் சொன்னால் மூன்றில் ஒரு பங்கு அதிகம். நடுவில் இருப்பது அதே 400 ரூபாய். 1,600-க்கு அது கால்வாசி, 1,200-க்கு அது மூன்றில் ஒன்று. இரண்டு பேச்சும் உண்மை, இரண்டும் ஒரே செய்தி. ஆகவே பின்னால் 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தும் அசல் தப்ப வேண்டும் என்றால் முதலில் 33⅓ சதவீதம் ஏற்றியிருக்க வேண்டும். 25 மட்டுமே ஏற்றியவர் 20 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி பேசக் கூடாது. 1,500-இல் 20 சதவீதம் 300, மீதி 1,200. அவர் பேனரில் 20 என்று எழுதியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

சரி, ஆடிக்கு முதல் நாள் சீட்டை மாற்றி 1,600 என்று ஒட்டிவிட்டால்? இப்படி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அந்த யோசனைக்கு என்னிடம் வராதீர்கள். ஒருநாளும் விற்காத விலையைப் பழைய விலை என்று காட்டித் தள்ளுபடி சொல்வது வாடிக்கையாளரை ஏமாற்றுவது. எம்ஆர்பி அச்சிட்ட பொட்டலம் என்றால் அதற்கு மேல் விலை ஒட்டி விற்கச் சட்டத்திலேயே இடமில்லை.

சதவீதம் குழப்பினால் பின்னத்துக்கு வாருங்கள். பழைய மளிகைக் கடைப் பெரியவர்கள் கால், அரை, முக்கால் என்றுதான் கணக்குப் போட்டார்கள். இந்தத் தவறு அவர்களிடம் நான் பார்த்ததில்லை. முழு விலையில் கால் போனால் மீதி முக்கால். அதில் மூன்று கால் இருக்கிறது. திரும்ப முழுசாக்க இன்னொரு கால் வேண்டும், அது இருக்கிற மூன்றில் ஒரு பங்கு. நான்கில் ஒன்று குறைந்தால் மூன்றில் ஒன்று ஏற்ற வேண்டும். ஐந்தில் ஒன்று குறைந்தால் நான்கில் ஒன்று. மூன்றில் ஒன்று குறைந்தால் இரண்டில் ஒன்று, அதாவது பாதி. இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் கணிப்பானே வேண்டாம்.

வாங்குபவருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. கையில் 4,800 ரூபாய் இருக்கிறது. 1,600 விலையில் மூன்று புடவைகள் வரும், 1,200 விலையில் நான்கு வரும். விலை 25 சதவீதம்தான் குறைந்தது, புடவை 33 சதவீதம் கூடிவிட்டது. ‘மூன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பதும் ‘33% கூடுதல்’ என்று சோப்பு உறையில் அச்சிட்டிருப்பதும் ‘25% தள்ளுபடி’ என்பதும் ஒரே சலுகை. எது பெரிய எண்ணோ அதை அச்சிடுவார்கள். 33 என்று பார்த்தவுடன் விலையில் 33 குறைந்ததாக நினைத்துக் கூடையை நிரப்பாதீர்கள், தயவுசெய்து.

கடைக்காரர்களிடம் திரும்ப வருகிறேன். கம்பெனி ஆள் வந்து “25 சதவீதம் மார்ஜின் தருகிறோம்” என்றால் பெரும்பாலும் அவர் விற்பனை விலையின் மேல் பேசுகிறார். 100-க்கு விற்பதை 75-க்குத் தருவார். நீங்கள் போடும் 75-க்கு 25 லாபம், அதாவது மூன்றில் ஒரு பங்கு. நீங்களோ கொள்முதல் விலையின் மேல் பேசிப் பழகியவர்கள். இருவரும் ஒரே 25-ஐச் சொல்லி வேறு வேறு தொகையை மனதில் வைத்துக்கொண்டு கைகுலுக்கிப் பிரிகிறீர்கள். வாய் திறந்து “எதன் மேல்?” என்று கேளுங்கள். கேட்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

இது வெறும் பேச்சுக் குழப்பத்தோடு நிற்பதில்லை. புயல், வெள்ளம் என்று நம் பகுதியில் சரக்கு நனைந்து காப்பீட்டுக்கு எழுதும்போது இதே 25 காலை வாரிவிடும். ஆரம்ப இருப்பும் கொள்முதலும் சேர்ந்து 12 லட்சம், விற்பனை 10 லட்சம் என்று வையுங்கள். லாபம் விற்பனையின் மேல் 25 என்றால் விற்ற சரக்கின் அசல் ஏழரை லட்சம், கடையில் இருந்த சரக்கு நாலரை லட்சம். லாபம் கொள்முதலின் மேல் 25 என்றால் அசல் 8 லட்சம், இருந்த சரக்கு 4 லட்சம். 50,000 ரூபாய் வித்தியாசம். நீங்கள் அறியாமல் எழுதியதை சர்வேயர் அறியாமை என்று எடுத்துக்கொள்ளமாட்டார்.

வரியிலும் இதே கதைதான். 2025 செப்டம்பர் 22 முதல் நெய்க்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 ஆனது. “7 சதவீதம் விலை குறைய வேண்டும், கடைக்காரர் ஏமாற்றுகிறார்” என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். வரி சேர்த்து 672 ரூபாய்க்கு விற்ற நெய்யின் அடிப்படை விலை 600. அதன் மேல் 5 சதவீதம் போட்டால் 630. குறைய வேண்டியது 42 ரூபாய். 672-இல் அது ஆறேகால் சதவீதம்தான். அந்த 7 என்பது 600-இன் மேல் உள்ள 7. இந்த ஒரு விஷயத்தில் நான் கடைக்காரர் பக்கம்.

கடைசியாக, யாரும் கவனிக்காத ஒரு பொல்லாத இடம்: கல்லாவில் இருக்கும் கணிப்பான். 1200 + 25 % என்று அழுத்தினால் சில கணிப்பான்கள் 1500 காட்டும், சில 1600 காட்டும். இரண்டாவது வகை பழுதானது அல்ல. 25-ஐ விற்பனை விலையின் மேல் என்று எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டது அது. முன் மேசையில் ஒன்று, பின் அறையில் இன்னொன்று இருக்கும் கடைகளில் ஒரே கட்டுப் புடவைக்கு இரண்டு விலைச் சீட்டு ஒட்டியதைப் பார்த்திருக்கிறேன். இன்றே 100 + 25 % அழுத்திப் பாருங்கள். 125 வந்தால் ஒரு வகை, 133.33 வந்தால் மற்ற வகை. எதுவென்று ஒரு சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிடுங்கள். தீபாவளிச் சரக்குக்கு விலை போடும்போது அந்தப் பொத்தானையே தொடாமல் 1200-ஐ 0.75-ஆல் வகுத்துவிடுங்கள். எந்தக் கணிப்பானிலும் 1600-தான் வரும்.