முப்பது ஆண்டு சேமித்தவள் பத்தாண்டு சேமித்தவளை ஏன் எட்டிப்பிடிக்கவில்லை?

கயலும் மலரும் ஒரே வயதுத் தோழிகள். கயல் 25ஆம் பிறந்தநாளில் ஆயிரம் போட்டாள். என்ன நாணயம் என்பது கணக்கை மாற்றாது, அதனால் வெறும் எண்ணாகவே வைத்துக்கொள்வோம். பிறந்தநாள்தோறும் அதையே செய்து, 34 வயதில் பத்தாவது ஆயிரத்தோடு நிறுத்திவிட்டாள். ஆனால் போட்டதை எடுக்கவில்லை. மலர் அப்போதுதான் தொடங்குகிறாள். 35 முதல் 64 வரை, ஒரு பிறந்தநாள்கூட விடாமல் முப்பது ஆயிரம். இருவருக்கும் ஆண்டுக்கு 8 சதவீதக் கூட்டு வட்டி.

64ஆம் பிறந்தநாளில் இருவரும் கணக்கைப் பிரித்துப் பார்க்கிறார்கள்.

"என்னடி இது? உன்னைவிட மூணு மடங்கு போட்டிருக்கேன், உன்கிட்ட எப்படி அதிகம் இருக்கு?" என்கிறாள் மலர்.

கயலிடம் 1,45,773 இருக்கிறது. மலரிடம் 1,13,283.

இந்தக் கதையைப் பலரும் பல வடிவங்களில் கேட்டிருப்பீர்கள். கேட்டவுடன் வியப்போம், பிறகு "கூட்டு வட்டியின் மாயம்" என்று தலையாட்டிவிட்டு நகர்வோம். மாயம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. உள்ளே இருக்கும் கணக்கு அவ்வளவு எளிது, அழகும்கூட.

முதலில் வட்டி குட்டி போடுவதைப் பார்ப்போம். ஆயிரத்துக்கு முதல் ஆண்டு வட்டி 80. இரண்டாம் ஆண்டு 86.40. கூடுதலாக வந்த அந்த 6.40, முதலாண்டு வட்டியான எண்பதுக்குக் கிடைத்த வட்டி. பார்க்கச் சில்லறைதான். ஆனால் முப்பது ஆண்டு விட்டுவைத்தால், அசலுக்கு மட்டும் வட்டி தரும் தனிவட்டியில் ஆயிரம் 3,400 ஆகும். கூட்டு வட்டியில் 10,063 ஆகும். இடையிலுள்ள ஆறாயிரத்துச் சொச்சமும் வட்டி ஈன்ற வட்டி.

இனி தோழிகளுக்கு வருவோம். கயல் பத்தாண்டில் சேர்த்ததை ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். 8 சதவீதத்தில் அதன் மதிப்பு 14,487. மலர் 35 முதல் 44 வரை சேர்ப்பதும் அச்சு அசலாக அதே அளவு மூட்டைதான், பத்தாண்டு தாமதமாகக் கட்டப்பட்டது, அவ்வளவே. 54 வயதுக்குள் இரண்டாவது மூட்டை, 64 வயதுக்குள் மூன்றாவது. ஆக, போட்டி ஒரு மூட்டைக்கும் மூன்று மூட்டைகளுக்கும் இடையில்.

கணக்கு எளிதாக, பணம் பத்தாண்டில் சரியாக இரட்டிப்பாகிறது என்று கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 7.2 சதவீத வட்டி இருந்தால் இது நடக்கும். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும் என்ற குறுக்குவழி, இத்தாலியக் கணிதர் லூக்கா பாச்சோலி 1494இல் வெளியிட்ட நூலிலேயே இருக்கிறது.

கயலின் ஒற்றை மூட்டை முப்பது ஆண்டில் மூன்று முறை இரட்டிக்கிறது: 2, 4, 8. மலரின் முதல் மூட்டை இரண்டு முறை இரட்டித்து 4 ஆகிறது. அடுத்தது ஒரு முறை இரட்டித்து 2. கடைசி மூட்டை இப்போதுதான் கட்டி முடிந்தது, அது 1. கூட்டினால் 4 + 2 + 1 = 7. எட்டுக்கு ஏழு!

மலர் 74 வயது வரை தொடர்ந்தாலும் விடிவில்லை. அப்போது கயலுக்கு 16, மலருக்கு 15. இன்னும் பத்தாண்டு போனால் 32க்கு 31. எத்தனை காலம் போட்டாலும் ஒரு மூட்டை பின்தங்கியே இருப்பாள். இரட்டிப்பு வரிசையில் ஓர் எண்ணுக்கு முன்னுள்ள எல்லாவற்றையும் கூட்டினாலும் அந்த எண்ணுக்கு ஒன்று குறைவாகவே வரும். கதையின் முதுகெலும்பு இந்த ஒரு பண்புதான். கயலின் பணத்துக்குக் கிடைத்த கூடுதல் இரட்டிப்பு கடைசிப் பத்தாண்டில் நடக்கிறது. அந்த ஒரு பத்தாண்டில் சேர்வது, அதற்கு முன் சேர்ந்த மொத்தத்துக்குச் சமம்.

இங்கேதான் கதை சொல்பவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். வட்டி குறைந்தால் முடிவு தலைகீழாகிவிடும்.

ஆண்டுக்கு 5 சதவீதம் என்றால் பத்தாண்டில் பணம் 1.63 மடங்குதான் ஆகும். கயலின் மூட்டை முப்பது ஆண்டில் 4.32 மூட்டையாகும். மலருக்கு 2.65, 1.63, 1 சேர்ந்து 5.28. மலர் வென்றுவிடுகிறாள். இருவரும் சமமாகும் இடம் எது? பத்தாண்டில் பணம் x மடங்காகிறது என்றால், x³ = x² + x + 1 ஆக வேண்டும். விடை 1.839. ஆண்டு வட்டியாக மாற்றினால் சுமார் 6.28 சதவீதம். இந்த 1.839 கணிதர்களுக்குப் பழகிய முகம். 1, 1, 2, 4, 7, 13, 24, 44, 81 என்று முந்தைய மூன்றைக் கூட்டி அடுத்ததை எழுதும் வரிசையில், 81ஐ 44ஆல் வகுத்துப் பாருங்கள். வரிசை நீள நீள விகிதம் 1.839ஐ நெருங்கும். சேமிப்புக் கணக்குக்குள் இந்த எண் வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

6.28 என்ற எல்லை தெரிந்ததும் சில சின்ன விஷயங்கள் பெரிதாகத் தெரிகின்றன. முதலீடு 7 சதவீதம் ஈட்டுகிறது, அதை நிர்வகிப்பவர் ஆண்டுக்கு ஒரு சதவீதம் கட்டணமாக எடுக்கிறார் என்று வையுங்கள். கைக்கு வருவது 6. கயல் முன்னே இருந்த ஓட்டத்தில் இப்போது மலர் முன்னே. 8 சதவீதம் 7 ஆகக் குறைந்தால் கயல் தோற்கமாட்டாள், ஆனால் அவள் கையிருப்பு 1,45,773இலிருந்து 1,05,174 ஆக இறங்கிவிடும். ஒரே ஒரு சதவீதத்துக்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேல் போகிறது.

விலைவாசி இன்னொரு சிக்கல். 25 வயதில் போட்ட ஆயிரமும் 64 வயதில் போட்ட ஆயிரமும் ஒன்றல்ல. நிஜ வாழ்க்கையில் மலர் விலைவாசிக்கு ஏற்பத் தொகையை உயர்த்திக்கொண்டே போவாள், கயலும் தன் பத்தாண்டுகளில் அப்படித்தான் செய்திருப்பாள். அப்படியானால் கணக்கில் எடுக்க வேண்டியது விலையேற்றம் போக மிஞ்சும் வட்டி. 8 சதவீத வட்டி, 5 சதவீத விலையேற்றம் என்றால் மிஞ்சுவது 3க்கும் சற்றுக் குறைவு. 6.28க்கு வெகு கீழே. அந்த ஓட்டத்தில் கயலின் மூட்டை 2.33 ஆகும்போது மலருக்கு 4.08 இருக்கும். முந்தித் தொடங்கிய ஆயிரம் எப்போதும் பிந்திய ஆயிரத்தைவிட அதிகம் வளரும், அதில் மாற்றமில்லை. ஆனால் பத்தாண்டு முப்பது ஆண்டை வெல்லும் என்பது வட்டியைப் பொறுத்தது.

இன்னொன்று, வட்டி ஆண்டுதோறும் ஒரே சீராக வருவது கதையில்தான். சந்தையோடு ஏறி இறங்கும் முதலீட்டில், கயலின் பணம் முழுவதும் 34 வயதிலிருந்தே உள்ளே கிடக்கிறது. பின்னால் ஒரு சரிவு வந்தால் அது மொத்த மூட்டையையும் கடிக்கும். மலருக்கு அந்த ஆண்டில் மலிவாக வாங்கவாவது புதிய ஆயிரம் ஒன்று இருக்கும்.

கதைப்படியான 8 சதவீதத்துக்கே திரும்பினால், கயலைச் சமன் செய்ய மலர் ஆண்டுக்கு எவ்வளவு போட்டிருக்க வேண்டும்? 1,287. நான் கணக்குப் போட்டுப் பார்க்கும் முன் இரட்டிப்பாவது வரும் என்று நினைத்தேன். ஆண்டுக்கு 287தான் கூடுதல், ஆனால் அதை முப்பது முறை போட வேண்டும். கயல் போட்ட பத்தாயிரத்துக்கு ஈடாக மலர் கையிலிருந்து போவது 38,610.