அழைப்பிதழ்க் கோப்பில் கண்ணுக்குத் தெரியாமல் கிடப்பவை

யாழ்ப்பாணத்தில் கலியாண அழைப்பிதழ் வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் முன்பு வேறொரு குடும்பத்துக்குச் செய்த கோப்பையே திறந்து, அதன் பெயர்களையும் முகூர்த்த நேரத்தையும் மாற்றுவார்கள். பழைய விவரங்கள் உள்ள லேயரின் கண் அடையாளத்தை அழுத்தி மறைத்துவிட்டால், திரையில் புதிய அழைப்பிதழ் மட்டுமே தெரியும். இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்த அத்தகைய எஸ்விஜி கோப்பைக் கொழும்பிலோ ரொறன்ரோவிலோ உள்ள உறவினருக்கு அனுப்பும்போது, மறைத்த லேயரும் கூடவே போகிறது.

எஸ்விஜி என்பது எழுத்துகளாலான கோப்பு. லேயரை மறைத்தால், அதைக் காட்ட வேண்டாம் என்ற ஒரு குறிப்பு மட்டுமே அதில் சேர்கிறது:

```
<g inkscape:groupmode="layer"
   inkscape:label="பழைய விவரம்"
   style="display:none">
```

இதன் கீழே பழைய மணமக்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் அப்படியே இருக்கும். கோப்பை நோட்பேடில் திறக்கும் எவரும் வாசிக்கலாம். வெள்ளைப் பெட்டி வைத்து மூடிய எழுத்துக்கும், தாளுக்கு வெளியே ஒதுக்கிவைத்த பொருளுக்கும் இதே கதிதான்.

கோப்பின் பருமனைக் கூட்டுவது பெரும்பாலும் படங்களே. உட்பொதித்த படத்தின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்துகளாக மாற்றப்படுவதால், 3 எம்பி புகைப்படம் கோப்பில் ஏறத்தாழ 4 எம்பி இடத்தைப் பிடிக்கிறது, அது மறைந்த லேயரில் கிடந்தாலும். கிளிப் செய்து ஓரத்தை வெட்டிய படமும் முழுமையாகவே உள்ளே இருக்கும். ஓரத்தில் நின்றவரின் முகத்தை நீக்கியதாக நாம் நினைத்திருந்தாலும், கிளிப்பை விடுவித்தால் அது திரும்பி வரும். அந்த இடத்தில் Edit > Make a Bitmap Copy மூலம் தெரியும் பகுதியை மட்டும் புதிய படமாக்கி, மூலப்படத்தை அழிக்க வேண்டும். வழிகாட்டிக் கோடுகளோ ஒவ்வொன்றும் ஓரிரு வரி எழுத்துதான். அவற்றை Edit > Delete All Guides மூலம் நீக்குவது ஒழுங்குக்காகவே, எடை குறைவதற்காக அல்ல.

துப்புரவைப் பிரதியெடுத்த கோப்பில்தான் செய்ய வேண்டும், வரிசையும் முக்கியம். முதலில் மறைந்த லேயர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, தேவையற்றவற்றை அழிக்க வேண்டும். அதன் பின்னரே File > Clean Up Document. இந்தக் கட்டளை எந்தப் பொருளும் பயன்படுத்தாத நிறச்சாய்வு, கிளிப் போன்ற வரையறைகளை மட்டுமே நீக்கும். மறைந்த லேயரில் உள்ள பொருள் ஒரு நிறச்சாய்வைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அது தேவைப்படுவதாகவே கணக்கில் எடுக்கப்பட்டு எஞ்சிவிடும்.

கடைசியில் Plain SVG ஆகச் சேமிக்க வேண்டும். சாதாரண இன்க்ஸ்கேப் கோப்பில் இணைத்த படத்தின் முழு முகவரி, அதாவது கணினிப் பயனரின் பெயரைக் காட்டக்கூடிய கோப்புறைப் பாதை, பதிவாகியிருக்கலாம். அந்தக் குறிப்புகள் இவ்வடிவில் கழிகின்றன. ஆனால் மறைந்த லேயர் இதனாலும் போகாது. ஆகவே சேமித்த கோப்பை நோட்பேடில் திறந்து `display:none` என்றும் பழைய தொலைபேசி எண்ணின் சில இலக்கங்களையும் தேடிப் பார்க்க வேண்டும். எழுத்துகளை வரைகோட்டு வடிவங்களாக மாற்றியிருந்தால் எண்ணைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது; அப்போது லேயர்ப் பட்டியலைக் கண்ணால் பார்ப்பதே வழி.