பிள்ளையின் இடுப்புச் சுற்றளவு: இரண்டு அங்குலம் கீழே அளந்தால் என்ன ஆகும்?

ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். வயது 10, உயரம் 138 செ.மீ., நிறை 34 கிலோ. பாடசாலை மருத்துவப் பரிசோதனையில் உடல் திணிவுச் சுட்டி 17.9 என்று வரும். உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் அது சாதாரண வலயம்தான், கவலையில்லை என்று அட்டை திரும்பி வந்துவிடும். ஆனால் அவனுடைய கையும் காலும் மெலிவு, வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கிறது. நிறையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்குக்குக் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. தெற்காசியப் பிள்ளைகளில் இந்த உடல்வாகு அடிக்கடி காணப்படுவதால், இங்கே இடுப்பில் நாடா வைத்துப் பார்ப்பது பயனுள்ளது.

பெரியவர்களுக்கு ஒரே எல்லை போதும்: தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. வளர்கிற பிள்ளைக்கு அப்படி ஒரு எண் கிடையாது. 6 வயதில் 62 செ.மீ. பெரிய இடுப்பு, 14 வயதில் அதுவே ஒல்லி. எனவே அதே வயதும் பாலும் கொண்ட பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். நூறு பிள்ளைகளை இடுப்பளவின்படி சிறியதிலிருந்து பெரியதாக வரிசையில் நிறுத்தினால், 90 பேரின் அளவு எந்த எண்ணுக்குக் கீழே விழுகிறதோ அதுதான் 90ஆம் சதமணை. சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் 2007இல் வயிற்றுப் பருமனுக்கு எடுத்துக்கொண்ட எல்லை அது.

வரிசை சமச்சீரானதும் அல்ல. மெலிந்த பக்கம் நெருக்கமாகவும் பருத்த பக்கம் நீண்டும் கிடக்கும். அதனால் அட்டவணைகள் ஒவ்வொரு வயதுக்கும் மூன்று எண்களைத் தருகின்றன: நடு அளவு M, பரவல் S, சரிவு L. பிள்ளையின் அளவு X என்றால்:

```
Z = ((X/M)^L - 1) / (L × S)
```

விளங்கிக்கொள்வதற்காக மட்டும் M = 60, S = 0.10, L = -1.5 என்று வைப்போம். பையனின் இடுப்பு 71 செ.மீ. என்றால் Z ஏறத்தாழ 1.49, அதாவது 93ஆம் சதமணை. சரிவைக் கணக்கில் எடுக்காமல் விட்டால் அதே பையன் 97க்குத் தாவிவிடுவான்.

இனித்தான் சிக்கல். 71 என்பது நாடாவை இடுப்பெலும்பின் மேல்விளிம்பை ஒட்டிப் பிடித்தபோது கிடைத்தது. கடைசி விலா எலும்புக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே பிடித்தால் அவனுக்கே 68.5தான் வருகிறது. கணக்கில் போட்டால் 88ஐ ஒட்டிய சதமணை, எல்லைக்குக் கீழே. பிள்ளை மாறவில்லை, நாடா இறங்கிய இடம்தான் மாறியது. அமெரிக்க அட்டவணைக்கு அளந்தவர்கள் எலும்பு விளிம்பில் பிடித்தார்கள், பிரித்தானிய அட்டவணைக்கு அளந்தவர்கள் நடுவில். ஒன்றின் முறையில் அளந்து மற்றதில் வாசித்தால் வரும் சதமணை வெறும் எண். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடங்களில் பிள்ளைகளின் இடுப்புச் சுற்றளவுக்கு வளைகோடே இல்லாததால், யாரோ ஒருவருடைய அட்டவணையைக் கடன் வாங்கித்தான் ஆகவேண்டும்.

நடு முறையில் அளப்பதானால், சட்டையைக் கழற்றிவிட்டு, அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழே கடைசி விலாவின் அடியைத் தடவிப் பேனாவால் புள்ளி வையுங்கள். இடுப்பெலும்பின் உச்சியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நாடா, தரைக்குச் சமாந்தரமாக. தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. பிள்ளைகள் நாடாவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். "தம்பி, எக்காம சும்மா நில்லுங்கோ" என்று சொல்லி, இயல்பாக மூச்சு விட்டு முடிந்த கணத்தில் வாசிக்க வேண்டும். இருமுறை அளந்து, 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறை. சாப்பிட்ட கையோடு அளந்தால் கூடும், மலச்சிக்கல் இருந்தாலும் கூடும். தையற்காரரின் பழைய துணி நாடா இழுபட்டு நீண்டிருக்கும், அது அளவைக் குறைத்தே காட்டும். காற்சட்டை அளவைக் கேட்டு எழுதுவதையும் கண்டிருக்கிறோம். அது அளவே அல்ல.

90 என்ற எல்லையும் கல்லில் செதுக்கியதல்ல. 2014இல் வெளியான இந்தியப் பிள்ளைகளின் அட்டவணை 70ஆம் சதமணையிலேயே எச்சரிக்கை தேவை என்றது. அட்டவணைக்கு அளக்கப்பட்ட பிள்ளைகளே பருத்தவர்களாக இருந்தால் 90ஆம் கோடும் மேலே ஏறிவிடும். அதனால் இடுப்பை உயரத்தால் வகுத்தும் பாருங்கள். 0.5ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், வயதுக்கு அட்டவணையும் தேவையில்லை. நம் பையனுக்கோ 68.5இல் 0.496, 71இல் 0.514. அளக்கும் இடம் அங்கேயும் விடவில்லை.

நாடாவுக்குத் தோலடிக் கொழுப்பையும் குடலைச் சுற்றியுள்ள கொழுப்பையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆகவே எல்லையைத் தாண்டியது நோய் என்று பொருளில்லை, அடுத்து இரத்த அழுத்தம், வெறும் வயிற்றுக் குளுக்கோஸ், ட்ரைகிளிசரைட், எச்.டி.எல். ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். கழுத்துப் பின்புறம் கறுத்துத் தடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லையை ஒட்டி நிற்கும் இவனைப் போன்ற பிள்ளையை ஆறு மாதத்தில் மீண்டும் அளக்கலாம். அப்போது ஒப்பிட முடிய வேண்டுமென்றால் பதிவேட்டில் "68.5" என்று மட்டும் எழுதாமல், "68.5, நடு, பிரித்தானிய அட்டவணை" என்று எழுதி வையுங்கள்.