போத்தல் ஏன் தட்டின் ஓரத்துக்கு நடக்கிறது?

கொட்டகலையில் அண்ணியின் குசினியில் ஒரு பழைய ராக்கை இருந்தது. இரண்டு தட்டு, முன்பக்கம் தடுப்பு கிடையாது. அதில் மஞ்சள், மிளகாய்த்தூள், கறுவா, கராம்பு எல்லாம் ஜாம் போத்தல்களில் இருக்கும். மூன்று மாதத்தில் இரண்டு போத்தல் விழுந்து உடைந்தது. யாரும் தட்டிவிடவில்லை. அண்ணி கீழே மேசையில் கல்லுரலில் மிளகு இடித்துக்கொண்டிருந்தபோதுதான் இரண்டாவது விழுந்தது. அடுத்த ராக்கையை நானே செய்து தருகிறேன் என்று சொன்னேன். அதற்கு முன், போத்தல் எப்படித் தானாக நகர்ந்தது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஒரு சோதனை செய்தேன். 30 சென்டிமீட்டர் பலகையில் போத்தலை வைத்து ஒரு முனையை மெல்லத் தூக்கினேன். கிட்டத்தட்ட 8, 9 சென்டிமீட்டர் தூக்கிய பிறகுதான் போத்தல் வழுக்கியது. கண்ணாடிக்கும் மரத்துக்கும் நடுவே உள்ள உராய்வு அவ்வளவு சரிவைத் தாங்குகிறது. பழைய ராக்கையோ முன்பக்கம் வெறும் 2 மில்லிமீட்டர்தான் தாழ்ந்திருந்தது. அந்தச் சரிவில் போத்தல் அசையவே கூடாது.

உரல்தான் கணக்கை மாற்றுகிறது. ஒவ்வொரு இடிக்கும் மேசை அதிர்கிறது, அதோடு சுவரும் தட்டும் அதிர்கின்றன. தட்டு கீழே போகும் அந்த நொடித் துளியில் போத்தல் பலகையை அழுத்துவது குறைந்துவிடும். அழுத்தம் குறைந்தால் உராய்வும் குறையும். அந்த இடைவெளியில் போத்தல் மயிரிழை அளவு நகரும். எந்தப் பக்கம்? சரிவு இருக்கும் பக்கம்தான், அது எவ்வளவு சின்னச் சரிவாக இருந்தாலும் சரி. அடுத்த இடியில் இன்னொரு மயிரிழை. திரும்பிப் போக அதற்கு வழியில்லை. நூறு இடிக்கு அது கண்ணுக்குத் தெரியும் தூரமாகிவிடும். கதவை அறைந்து சாத்துவதும், பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

அப்படியானால் முதல் மருந்து தட்டின் முன்விளிம்பில் அடிக்கும் தடுப்புச் சட்டம் அல்ல. தட்டைப் பின்பக்கம் கொஞ்சம் தாழ்த்துவதுதான். 7 சென்டிமீட்டர் அகலத் தட்டில் பின்பக்கம் 2 மில்லிமீட்டர் தாழ்ந்தால் போதும், அதே அதிர்வு போத்தலைச் சுவர்ப்பக்கம் தள்ளிவிடும். போத்தலை விழ வைத்த விசையையே காவலுக்கு நிறுத்துகிறோம். பல பேர் ரசமட்டம் வைத்துத் தட்டை நேராக்கிவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். கொஞ்ச நாளில் பலகை முன்னுக்கு இறங்கினால் அந்த மட்டம் போய்விடும்.

தடுப்புச் சட்டம் வேறொரு வேலைக்கு. கை பட்டு ராக்கை திடீரென்று குலுங்கினால் போத்தல் வழுக்கி முன்னுக்கு வரும். சட்டம் அதன் அடியை நிறுத்தும், ஆனால் மேல்பாகம் நிற்காமல் கவிழப் பார்க்கும். பஸ்ஸில் பிரேக் போட்டால் காலை நிலத்தில் ஊன்றியவர் முன்னுக்குச் சாய்வதைப் போல. இதைத் தீர்மானிப்பது சட்டத்தின் உயரம். நம்முடைய போத்தல் 11 சென்டிமீட்டர் உயரம், ஆறரை சென்டிமீட்டர் அகலம். அதன் எடை மையம் அடியிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டரில் இருக்கும். சட்டம் மெல்லிய கோடு மாதிரி இருந்தால், கவிழ்க்கும் விசை அந்த 5 சென்டிமீட்டர் முழுவதையும் நெம்புகோலாகப் பிடித்துக்கொள்ளும். சட்டம் 2 சென்டிமீட்டர் உயர்ந்தால், போத்தல் சட்டத்தின் மேல்விளிம்பைச் சுற்றித்தான் கவிழ முடியும். நெம்புகோல் 3 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். கவிழ்க்க முன்பைவிட ஒன்றரை மடங்குக்கும் அதிகமான குலுக்கம் வேண்டும்.

5 சென்டிமீட்டர் சட்டம் போட்டால் கவிழவே கவிழாதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் போத்தலை அவ்வளவு உயரம் தூக்கித்தான் எடுக்க வேண்டும், தட்டுகளை இன்னும் தூரமாக வைக்க வேண்டும், ஒட்டிய பெயரும் மறைந்துவிடும். இந்தப் போத்தலுக்கு 2 சென்டிமீட்டர்தான் சரி என்பது என் முடிவு. ஒல்லியான உயரப் போத்தலுக்கு இது போதாது, அவற்றைக் கீழே அலுமாரியில் வையுங்கள். இன்னொன்று: பாதி காலியான போத்தலில் தூள் அடியில் தங்கி எடை மையம் தாழ்ந்திருக்கும். அதனால் நிரம்பியதைவிடவும் வெறுமையானதைவிடவும் அதுதான் உறுதியாக நிற்கும்.

தட்டு குறுகலாக இருக்க வேண்டும் என்பதற்கும் காரணம் இருக்கிறது. போத்தலுக்கும் சட்டத்துக்கும் நடுவே இடம் அதிகமானால், சட்டத்தை வந்து மோதுமுன் போத்தல் வேகம் எடுத்துவிடும். ஆகவே ஆறரை சென்டிமீட்டர் போத்தலுக்கு 7.2 சென்டிமீட்டர் தட்டு. பைனஸ் பலகையை 15 மில்லிமீட்டர் கனத்தில் இழைத்தேன். முன்விளிம்பில் தடுப்புச் சட்டமாக 35 மில்லிமீட்டர் அகல ரீப்பையைப் பசையும் ஒரு அங்குல ஆணியும் வைத்து அடித்தேன். பலகையின் கனம் போக மேலே 20 மில்லிமீட்டர் நிற்கும். ஆணிக்கு முன் மெல்லிய துளை போடாவிட்டால் ரீப்பை பிளந்துவிடும். பலகை, ரீப்பை இரண்டின் நாரும் ஒரே திசையில் ஓடுவதால், மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதினாலும் பசை விடாது. இரண்டு முனையிலும் ஒரு சென்டிமீட்டர் ரீப்பை இல்லாமல் இடைவெளி விட்டேன். சிந்திய தூளைத் துணியால் தள்ளி வெளியேற்ற அது வழி. தட்டுக்குத் தட்டு 16 சென்டிமீட்டர். போத்தலைச் சட்டத்துக்கு மேலே தூக்கவும் விரல் நுழையவும் அது போதும்.

அப்புறம் சுவர். மூன்று தட்டில் 24 போத்தல், ராக்கையின் எடையும் சேர்ந்து 12 கிலோ என்று வையுங்கள். அந்த எடை சுவரிலிருந்து சராசரி 5 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது. மேல் திருகு, ராக்கையின் அடியிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில். 12ஐ 5ஆல் பெருக்கி 40ஆல் வகுத்தால், திருகைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கும் இழுப்பு ஒன்றரை கிலோதான். 20 சென்டிமீட்டர் அகலத் தட்டில் மூன்று வரிசை அடுக்கினால் எடையும் கூடும், தூரமும் கூடும். இழுப்பு 8 கிலோவைத் தாண்டும்.

பழைய காம்பராச் சுவருக்கு இந்த வித்தியாசம் பெரியது. மேலே பூசிய சாந்து இரண்டு சென்டிமீட்டர் கனமாக, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். டிரில் போடும்போது வரும் தூளைப் பாருங்கள். வெள்ளையாக வந்தால் இன்னும் சாந்துதான். சிவப்பாக வந்தால் செங்கல். டிரில் திடீரென்று உள்ளே இறங்கினால் கல்லுக்குக் கல் நடுவேயுள்ள சாந்து, அந்தத் துளையை விட்டுவிட்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். ரோல் பிளக் முழுவதும் செங்கலுக்குள் போக வேண்டும், சாந்துக்குள் நின்றால் பிடிக்காது. ராக்கையின் பின்ரீப்பை, கட்டை, சாந்து, பிளக் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து 3 அங்குலத் திருகு போட்டேன்.

கட்டை என்று சொன்னது, ராக்கைக்கும் சுவருக்கும் நடுவே வைத்த மரத்துண்டு. மேலே 8 மில்லிமீட்டர், கீழே 19. இந்த 11 மில்லிமீட்டர் வித்தியாசம்தான் ராக்கையைச் சுவர்ப்பக்கம் சாய்த்து, தட்டுகளுக்கு வேண்டிய அந்த 2 மில்லிமீட்டரைத் தருகிறது. பின்னால் காற்றும் ஓடும். பனிமூட்டக் காலத்தில் சுவர் வியர்த்தாலும் மரத்தில் பூஞ்சணம் பிடிப்பது குறையும்.

மாட்டி முடித்ததும், கைத்தவறிப் பின்னால் தள்ளாமல் ஒவ்வொரு போத்தலையும் தட்டின் நடுவில் வைத்து, அடியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டேன். அண்ணி ஒரு வாரம் அந்த வரிசையைத் தொடாமல் வழக்கம்போல இடித்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது எல்லாம் கோட்டிலிருந்து பின்னுக்குப் போயிருந்தன, கீழ்த்தட்டில் ஒன்றைத் தவிர. அந்த இடத்தில் பலகை லேசாக வளைந்திருந்தது. போத்தலுக்கு அடியில், முன்பக்கம், ஒரு மெல்லிய மரச்சீவலை ஒட்டினேன்.