கோடு எங்கே விழ வேண்டும்: பழைய கணக்குக் கோப்பைப் பத்திகளாகப் பிரிப்பது

டாஸ் காலத்துக் கணக்கு மென்பொருளில் இருந்து வெளியே எடுத்த கோப்பு ஒன்றை நோட்பேடில் திறந்தால் இப்படித்தான் இருக்கும். மாதிரிக்காக நான்கு வரிகளை நானே எழுதியிருக்கிறேன். கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு கடையின் ஏப்ரல் 1998 கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
05-04-98  000412  CASH SALES           1,250.00 Cr
07-04-98  000413  FREIGHT INWARD         340.00 Dr
12-04-98  000415  CEMENT 80 BAGS      12,000.00 Dr
28-04-98  000431  STEEL RODS 12MM TO1,12,500.00 Dr
```

இதில் ஒரு பத்தியையும் அடுத்ததையும் பிரிக்கிற காற்புள்ளியோ டேபோ கிடையாது. இருக்கும் காற்புள்ளிகள் எல்லாம் ரூபாய்க்குள் இருப்பவை. எந்த எழுத்து எதைச் சேர்ந்தது என்பதை அது நிற்கும் இடம் மட்டுமே சொல்கிறது. முதல் 8 இடம் தேதி, 11 முதல் 16 வரை வவுச்சர் எண், 19 முதல் 36 வரை விவரம், 37 முதல் 47 வரை தொகை, 49, 50-இல் பற்றா வரவா என்ற குறி. அந்த மென்பொருள் இதை டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்காக அடுக்கியது. ஒவ்வொரு எழுத்தும் ஒரே அகலத்தில் அச்சாகும் என்பதால், இடத்தை எண்ணி வைத்தாலே பத்தி நேராக நிற்கும். இடத்தை எண்ணும் பழக்கம் அதற்கும் முந்தியது. ஐபிஎம்மின் 80 பத்தித் துளை அட்டை 1928-இலேயே வந்துவிட்டது.

சரி, இடைவெளி இருக்கிறதே, அதையே பிரிப்பானாக வைத்தால் என்ன? CASH SALES இரண்டாக உடையும், CEMENT 80 BAGS மூன்றாக உடையும், தொகை வரிக்கு வரி வேறு வேறு பத்தியில் போய் உட்காரும். கடைசி வரியில் TO-வுக்கும் 1-க்கும் நடுவே இடைவெளியே இல்லை. "டார்" கம்பி என்று எழுத நினைத்தவருக்கு 18 எழுத்துக்கு மேல் இடம் கிடைக்கவில்லை. R வெட்டுப்பட்டது, தொகை வந்து ஒட்டிக்கொண்டது.

லிப்ரேஆபிஸ் கால்க்கில் இதைச் செய்யும் விதத்தைப் பார்ப்போம். .txt கோப்பை நேரடியாகத் திறந்தால் அது பெரும்பாலும் ரைட்டருக்குள் போய்விடும். ஆகவே கோப்பைத் திறக்கும் பெட்டியில் கோப்பு வகையாக `Text CSV` என்பதைத் தேர்ந்தெடுங்கள். உடனே `Text Import` பெட்டி வரும். அதில் முதலில் `Character set`. முன்னோட்டத்தில் கோடு போட்ட இடங்களில் ÄÄÄÄ என்றும் ³ என்றும் தெரிந்தால், அவை டாஸின் கட்டம் போடும் குறிகள், விண்டோஸ் எழுத்துத் தொகுதியாகத் தவறாகப் படிக்கப்படுகின்றன என்று பொருள். `DOS/OS2-437/US` என்று முடிகிற தொகுதிக்கு மாற்றினால் கோடுகள் கோடுகளாகத் தெரியும். அடுத்து `Language` என்ற இடத்தில் `English (India)`. 1,12,500.00 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி போட்ட எண்ணை எண்ணாக ஏற்க இது வேண்டும். அமெரிக்க ஆங்கிலத்துக்கு மூன்று மூன்று இலக்கமாகப் பிரிப்பதுதான் தெரியும்.

அப்புறம் `Fixed width`. முன்னோட்டத்துக்கு மேல் ஓர் அளவுகோல் தோன்றும். அதில் சொடுக்கிய இடத்தில் ஒரு கோடு விழும், பிடித்து இழுத்தால் நகரும், அதன் மேல் மறுபடி சொடுக்கினால் போய்விடும்.

இந்த வேலையில் உயிரான இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். திரையில் முதல் மூன்று வரிகள் மட்டும் தெரிகின்றன என்று வையுங்கள். தொகைக்கான கோட்டை எங்கே போடத் தோன்றும்? 12,000.00-க்கு இடப்பக்கம், அதாவது 38-ஆம் இடத்துக்குப் பின்னால். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் நான்காவது வரியில் தொகை 37-ஆம் இடத்திலேயே தொடங்குகிறது. கோடு அதன் குறுக்கே விழும். விவரத்தில் `STEEL RODS 12MM TO1,` என்று சேரும், தொகையில் `12,500.00` என்று நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. 12,500 நல்ல எண்தான், கால்க் அதை மகிழ்ச்சியாகக் கூட்டிக்கொள்ளும். ஒரு லட்சம் ரூபாய் போனது யாருக்கும் தெரியாது.

அதனால் கோட்டை வெற்றிடத்தைப் பார்த்துப் போடாதீர்கள். புலம் எங்கே முடிகிறது என்று பார்த்துப் போடுங்கள். விவரம் இடப்பக்கம் ஒட்டி வரும், ஆகவே அதன் எல்லையைச் சொல்வது மிக நீளமான பெயர், அதிலும் நடுவில் வெட்டுப்பட்ட பெயர் கிடைத்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. தொகை வலப்பக்கம் ஒட்டி வரும், ஆகவே அதன் தொடக்கத்தைச் சொல்வது கோப்பிலேயே பெரிய எண். பெரும்பாலும் அது கடைசிப் பக்கத்து மொத்தம். நம் கோப்பில் கோடுகள் விழ வேண்டிய இடம் 10, 18, 36, 48. கடைசிக் கோட்டை 47-இல் போட்டால் குறி ` Cr` என்று முன்னால் ஓர் இடைவெளியோடு வரும். பிறகு Cr-ஆ என்று ஒப்பிடும் சூத்திரம் இல்லை என்று சொல்லிவிடும்.

எக்செலின் `Text Import Wizard` கோடுகளைத் தானே ஊகித்துப் போட்டுக் காட்டும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், முன்னோட்டத்தைக் கீழே நகர்த்திப் பெரிய தொகைகள் வரும் வரிகளையும் பார்த்துவிட்டு நகருங்கள்.

பத்தியின் தலைப்பைச் சொடுக்கி வகை சொல்வது அடுத்த வேலை. வவுச்சர் எண்ணுக்கு `Text`. இல்லாவிட்டால் 000412 வெறும் 412 ஆகிவிடும். தேதிக்கு `Date (DMY)`. இதை விட்டுவிட்டு மாதத்தை முதலில் வைக்கும் `Date (MDY)` வகையில் ஏற்றினால் 05-04-98 மே 4 ஆகும், 12-04-98 டிசம்பர் 4 ஆகும். 28-ஆவது மாதம் இல்லாததால் கடைசி வரி மட்டும் தேதியாகாமல் எழுத்தாகவே தங்கும். ஏற்றிய பிறகு தேதிப் பத்தியில் சில வலப்பக்கமும் சில இடப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நடந்திருக்கிறது. வலப்பக்கம் நிற்பவை சரி என்று நினைத்துவிடாதீர்கள், அவைதான் தப்பாக மாறியவை.

இனிப் பக்கத் தலைப்புகள். `From row` முதல் பக்கத்துத் தலைப்பை மட்டும் தாண்டும், மற்றப் பக்கங்களின் தலைப்பும் கோடும் தாளுக்குள் வந்துசேரும். அதைவிடத் தொல்லை தருபவை, ஒரு பக்கத்தின் மொத்தத்தை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும் C/F, B/F வரிகள். நம் நான்கு வரிகள் ஒரு பக்கம் என்றால், பற்று 1,24,840 பக்கத்தின் அடியில் ஒருமுறையும் அடுத்த பக்கத்தின் தலையில் ஒருமுறையும் வரும். அப்படியே கூட்டினால் 3,74,520 காட்டும். தாளில் காலியாக இருக்கும் ஒரு பத்தியில் இதை எழுதி, தேதி இல்லாத வரிகளைப் பிரித்தெடுங்கள்:

```
=ISNUMBER(A1)
```

FALSE என்று வருபவற்றை வடிகட்டி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே நீக்குங்கள். சில மென்பொருள்கள் நீண்ட விவரத்தின் மிச்சத்தைத் தேதி இல்லாத அடுத்த வரியில் அச்சடித்திருக்கும், அது கணக்கின் பகுதி.

பற்றையும் வரவையும் தனித்தனியாகக் கூட்டுங்கள்:

```
=SUMIF(E1:E500;"Dr";D1:D500)
```

இந்த மாதிரியில் பற்று 1,24,840.00 வர வேண்டும். பழைய அச்சுப் பிரதியின் கடைசிப் பக்கத்து மொத்தத்தோடு பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 24,840 என்று வந்தால் வித்தியாசம் சரியாக ஒரு லட்சம். இப்படி லட்சம், பத்தாயிரம் என்று முழு எண்ணாகக் குறைந்தால் கோடு ஓர் இலக்கத்தை வெட்டியிருக்கிறது. இறக்குமதிப் பெட்டிக்குத் திரும்பிப் போய் அதை இடப்பக்கம் நகர்த்துங்கள். ஒரு வரியின் முழுத் தொகையே குறைந்தால் அந்த எண் எழுத்தாகத் தங்கிவிட்டது. தொகைப் பத்தியில் இடப்பக்கம் ஒட்டி நிற்கும் கட்டத்தைத் தேடுங்கள்.